பத்துப் பேருக்கு அனுப்பினால் 25 ஜிபி இலவசமா? அந்தப் பச்சைப் பட்டை என்ன எண்ணுகிறது என்று பாருங்கள்

2023-ல் ஒரு செய்தி வாட்ஸப் முழுக்கச் சுற்றியது. இந்தியர்கள் எல்லாருக்கும் 239 ரூபாய் ரீசார்ஜ், 28 நாளுக்கு, முழுக்க இலவசம், கீழே உள்ள நீல நிற லிங்கைத் தொடவும் என்று. பிரதமர் பெயரைப் போட்டு வந்ததால் நிறையப் பேர் நம்பினார்கள். ஒன்றிய அரசின் பிஐபி ஃபேக்ட் செக் பிரிவு, அப்படி ஒரு திட்டமே கிடையாது என்று அறிவித்தது. ஆனாலும் இந்த வகைச் செய்தி ஓயவில்லை, பெயரை மாற்றிக்கொண்டு வந்துகொண்டேதான் இருக்கிறது. ஒருநாள் சிம் கம்பெனியின் ஆண்டுவிழா, அப்புறம் ஐபிஎல் பார்க்க இலவச டேட்டா, தீபாவளி வந்தால் பரிசுப் பெட்டி.

இவற்றைத் திறந்தவர்களில் பலர் சொல்வது ஒன்றுதான்: "வந்தால் மலை, போனால் மயிர். அனுப்பினால் என்ன குறைந்துவிடப் போகிறது?" முதல் தவறு இந்தக் கணக்குதான். போகிறது என்ன என்பதே தெரியாமல் போடுகிற கணக்கு அது.

லிங்கைத் தொட்டதும் என்ன நடக்கிறது என்று வரிசையாகப் பார்ப்போம். முதலில் ஒரு பக்கம் திறக்கும். கம்பெனி லோகோ, ஓடிக்கொண்டிருக்கும் கடிகாரம், "இன்னும் 147 பரிசுகள் மட்டுமே" என்ற வரி, கீழே ஃபேஸ்புக் மாதிரியே பத்துப் பன்னிரண்டு கமெண்ட்டுகள், "எனக்கு வந்துவிட்டது, நன்றி" என்று. அந்த கமெண்ட்டுகள் பக்கத்தோடு சேர்த்து எழுதி வைத்தவை, லைக் போட்டாலும் எங்கும் போகாது. ரீஃப்ரெஷ் செய்தால் 147 மறுபடியும் 147-ஆகவே நிற்கும். பிறகு மூன்று நான்கு எளிய கேள்விகள், உங்கள் பெயர், மொபைல் எண், எந்த சிம், எந்த மாநிலம். அதைக் கொடுத்ததும் "சரிபார்க்கிறோம்" என்று ஒரு சக்கரம் சுற்றி, வாழ்த்துகள் சொல்லி, கடைசியாக ஒரு சின்ன வேலை பாக்கி என்று வரும்: பத்து நண்பர்களுக்கோ ஐந்து குழுக்களுக்கோ அனுப்பி, பச்சைப் பட்டையை நிரப்புங்கள்.

இந்தப் பட்டையில்தான் சூட்சுமம் இருக்கிறது. நீங்கள் யாருக்கு அனுப்பினீர்கள், அனுப்பினீர்களா இல்லையா என்று ஒரு வெப்சைட்டுக்குத் தெரிய வழியே கிடையாது. வாட்ஸப் அதை வெளியே யாருக்கும் சொல்வதில்லை. அந்தப் பட்டன் செய்வது சுமாராக இவ்வளவுதான்:

```
count = count + 1;
location.href = "whatsapp://send?text=" + msg;
```

முதல் வரி எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டுகிறது. இரண்டாவது வரி, ஏற்கெனவே எழுதி வைத்த செய்தியோடு வாட்ஸப்பைத் திறக்கிறது. அவ்வளவே. வாட்ஸப் திறந்ததும் யாருக்கும் அனுப்பாமல் அப்படியே பின்னால் வந்தாலும் பட்டை நகர்ந்திருக்கும். அதாவது பட்டன் அழுத்தியதைத்தான் எண்ணுகிறது. மொபைல் எண் பெட்டியும் அநேகமாக இதே கதைதான், பத்துப் பூஜ்யங்களை அடித்தாலும் "உங்கள் எண் தகுதி பெற்றது" என்று சொல்லும். (உண்மையான லிங்கில் போய் இதைச் சோதிக்க வேண்டாம். ஏன் என்று கொஞ்சம் கீழே வருகிறது.)

அப்படியானால் எதற்காக இவ்வளவு சிரமப்பட்டு அந்தப் பட்டன்? சாதாரணமாக ஒரு செய்தியை ஃபார்வர்ட் செய்தால் மேலே "Forwarded" என்று வாட்ஸப் காட்டிக் கொடுத்துவிடும். நிறையச் சுற்றியது என்றால் இரட்டை அம்புக்குறியோடு "Forwarded many times" என்றே வரும், அதை ஒரு நேரத்தில் ஒரு சாட்டுக்குத்தான் அனுப்ப முடியும். 2020 ஏப்ரலில் இருந்து இந்தக் கட்டுப்பாடு இருக்கிறது. ஆனால் அந்தப் பட்டன் வழியாகப் போகும் செய்தி ஃபார்வர்ட் கணக்கில் வராது, நீங்களே புதிதாகத் தட்டச்சு செய்த மாதிரிதான் போய்ச் சேரும். அம்புக்குறி கிடையாது, எச்சரிக்கை கிடையாது. உங்கள் சித்திக்கு அது "எங்க அக்கா மகன் எழுதி அனுப்பியது" என்றுதான் தெரியும். ஆக உங்களிடமிருந்து முதலில் எடுத்துக்கொள்வது, பத்துப் பேருக்கு உங்கள் மேல் இருக்கும் நம்பிக்கையை. விளம்பரத்துக்கு எவ்வளவு பணம் கொட்டினாலும் இந்தப் பக்கங்களை நடத்துபவர்களால் வாங்க முடியாத பொருள் அது.

ஒரு பயத்தை மட்டும் இங்கேயே தீர்த்துவிடலாம். லிங்கைத் திறந்த உடனே கான்டாக்ட் பட்டியல், கேலரி, வங்கிப் பணம் எல்லாம் போய்விடும் என்று எதிர்ப்பக்கத்திலும் ஒரு வதந்தி சுற்றுகிறது. அப்டேட் செய்யப்பட்ட போனில் ஒரு சாதாரண வெப் பக்கத்தால் அதெல்லாம் முடியாது. அதற்குத் தெரிவது உங்கள் ஐபி முகவரி, அதை வைத்து எந்த ஊர்ப் பக்கம், எந்த நெட்வொர்க், பிறகு போன் மாடல், பிரவுசர், மொழி. இதுவே அவர்களுக்குப் போதும், ஏனென்றால் இந்திய ஆள் வந்தால் இந்திய விளம்பரம், சாம்சங் போன் என்றால் "உங்கள் சாம்சங்கில் வைரஸ்" என்று பயமுறுத்தும் பக்கம் எனப் பிரித்து அனுப்பலாம். பட்டை நிறைந்த பிறகு நீங்கள் பார்க்கும் நாலைந்து பக்கத் தாவல்கள் அதுதான். ஒவ்வொரு தாவலுக்கும், ஒவ்வொரு ஆப் டவுன்லோடுக்கும் யாரோ ஒரு விளம்பர இடைத்தரகர் கமிஷன் தருகிறார். 2019-ல் வாட்ஸப்பின் பத்தாவது ஆண்டு என்று சொல்லி 1000 ஜிபி இலவசம் என்ற செய்தி பரவியபோது, ஈசெட் என்ற பாதுகாப்பு நிறுவனம் அதைப் பிரித்துப் பார்த்தது. வைரஸ் எதுவும் இல்லை, விளம்பரக் கிளிக்குகளைத் திரட்டுவதுதான் நோக்கமாகத் தெரிந்தது. அதே டொமைனில் வேறு பெரிய பெயர்களின் "பரிசுகள்" டஜன் கணக்கில் வைத்திருந்தார்கள். கடை ஒன்று, போர்டு மட்டும் பல.

விளம்பரத்தோடு நின்றால் பரவாயில்லை. அடுத்த தவறு, எண்ணைக் கொடுப்பது. "என் நம்பர்தான் எல்லாரிடமும் இருக்கிறதே" என்று தோன்றும். ஆனால் அங்கே நீங்கள் கொடுத்தது வெறும் எண் இல்லை. பெயர், எண், எந்த சிம், எந்த மாநிலம், எல்லாவற்றுக்கும் மேலாக இவர் இலவசம் என்றால் ஃபார்மை நிரப்புவார் என்ற தகவலும் சேர்த்து. அடுத்த மாதம் ஒருவர் போன் செய்து, உங்கள் பெயரைச் சொல்லி, சிம் கம்பெனியையும் சரியாகச் சொல்லி, கேஒய்சி முடியவில்லை, இன்று மாலைக்குள் சிம் முடங்கும் என்று சொன்னால் நம்பத் தோன்றுமா, தோன்றாதா? அந்த மாதிரி ஆட்களுக்கு இப்படிப்பட்ட பட்டியல்தான் வேண்டும்.

மூன்றாவது, நிறையப் பேர் கவனிக்காமல் செய்வது: "நீங்கள் ரோபோ இல்லை என்று உறுதிப்படுத்த Allow அழுத்தவும்." ரோபோ சோதனைக்கும் அந்த Allow-க்கும் சம்பந்தமே இல்லை, அது நோட்டிஃபிகேஷன் அனுப்ப நீங்கள் தரும் அனுமதி. அன்றிலிருந்து பக்கத்தை மூடிய பிறகும் போனில் லாட்டரி, லோன், ஆபாசம், வைரஸ் எச்சரிக்கை என்று வந்துகொண்டே இருக்கும். வீட்டில் பெரியவர்கள் "போன் கெட்டுப்போச்சு" என்று நீட்டினால் பெரும்பாலும் இதுதான் காரணம், ரீசெட் எல்லாம் தேவையில்லை. க்ரோமில் Settings, அதற்குள் Site settings, அதற்குள் Notifications போய், தெரியாத பெயரில் இருக்கும் தளங்களை Block செய்தால் அன்றோடு நின்றுவிடும்.

இதுவரை சொன்னது தொல்லை. இதற்கு மேல் போனால் நஷ்டம். பட்டை நிறைந்ததும் "டேட்டாவை ஆக்டிவேட் செய்ய இந்த ஆப்பை நிறுவுங்கள்" என்று ஒரு ஏபிகே ஃபைல் இறங்கினால், அங்கே கதை மாறுகிறது. வெப் பக்கத்தால் முடியாதது எல்லாம், அனுமதி கொடுத்தால், ஆப்பால் முடியும். கான்டாக்ட் பட்டியலை எடுக்கலாம், எஸ்எம்எஸ் அனுமதி வாங்கி உங்கள் பெயரிலேயே ஊருக்கெல்லாம் அதே லிங்கை அனுப்பலாம், வங்கியிலிருந்து வரும் ஓடிபியைப் படிக்கலாம். டேட்டா ஏற்றுவது சிம் கம்பெனியின் சர்வரில் நடக்கிற வேலை, அதற்கு உங்கள் போனில் தனி ஆப் எதற்கு?

ஓடிபியும் அப்படித்தான். "பரிசை உறுதி செய்ய வந்த ஆறு இலக்க எண்ணைப் போடுங்கள்" என்றால், வந்த எஸ்எம்எஸ்ஸை முழுக்கப் படியுங்கள். பெரும்பாலும் அது வாட்ஸப் பதிவு எண்ணாக இருக்கும், கொடுத்தால் உங்கள் கணக்கு இன்னொருவர் போனில் திறக்கும். சில சமயம் மாதாமாதம் பேலன்ஸில் பிடிக்கும் ஏதோ ஒரு சந்தா சேவைக்கான சம்மதமாக இருக்கும். பேலன்ஸ் காரணமில்லாமல் குறைகிறது என்றால் 155223-க்கு அழைத்து, ஓடும் சேவைகளை நிறுத்தச் சொல்லலாம். யுபிஐ பின் கேட்டால் விளக்கமே வேண்டாம், பணம் வாங்குவதற்கு பின் தேவைப்படாது.

லிங்கைப் பார்த்தே கண்டுபிடிக்க முடியுமா என்றால், பெரும்பாலும் முடியும். முன்னால் இருக்கும் கம்பெனி பெயரைப் பார்த்து ஏமாறுவதுதான் பிரச்சினை. உதாரணத்துக்கு `https://jio.com.free-data.example/offer` என்று ஒன்று இருந்தால், இரட்டைக் கோட்டுக்குப் பிறகு வரும் முதல் ஒற்றைச் சாய்கோட்டைக் கண்டுபிடித்து, அங்கிருந்து இடப்பக்கமாகப் படியுங்கள். சொந்தக்காரர் `free-data.example`. முன்னால் உள்ள `jio.com` யார் வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளக்கூடிய வால். சுருக்கிய லிங்க் என்றால் இதுவும் பலிக்காது, அப்போது உங்கள் சிம் கம்பெனியின் சொந்த ஆப்பைத் திறந்து அப்படி ஒரு சலுகை இருக்கிறதா என்று பாருங்கள். உண்மையான சலுகை உங்கள் எண்ணுக்கு அங்கேயே தெரியும், அதற்குப் பத்துப் பேர் சாட்சி தேவையில்லை.

சரி, ஏற்கெனவே அனுப்பியாகிவிட்டது என்றால்? வாட்ஸப்பில் Linked devices போய், உங்களுடையதல்லாத கருவி இருந்தால் நீக்குங்கள், இரட்டைச் சரிபார்ப்பு பின் ஒன்றையும் வைத்துவிடுங்கள். ஆறு இலக்க எண்ணைக் கொடுத்துவிட்டு வாட்ஸப் கைவிட்டுப் போயிருந்தால் உடனே உங்கள் எண்ணால் மறுபடி பதிவு செய்யுங்கள், அந்த ஆள் வெளியேறிவிடுவார். அவர் பின் போட்டு வைத்திருந்தால் நீங்கள் உள்ளே போக ஏழு நாள் காத்திருக்க வேண்டிவரும். ஏபிகே போட்டிருந்தால் நெட்டை அணைத்து, ஆப்பை நீக்கி, வேறு போனிலிருந்து வங்கிக்குச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930, அல்லது cybercrime.gov.in. அந்தப் பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு நகர்வதற்குள் சொன்னால்தான் நிறுத்தி வைக்க வாய்ப்பு.

அப்புறம் அனுப்பிய செய்தி. இரண்டு நாளுக்குச் சற்று மேல் வரை Delete for everyone வேலை செய்யும், ஆனால் சும்மா அழித்துவிட்டுப் போகாதீர்கள். பார்த்தவர்கள் ஏற்கெனவே தொட்டிருப்பார்கள். அழித்த இடத்திலேயே, "நான் அனுப்பினது ஃபேக், நம்பர் குடுத்திருந்தா ஓடிபி கேட்டு கால் வரும், குடுக்காதீங்க, Allow அழுத்தியிருந்தா சொல்லுங்க நான் எடுத்துத் தரேன்" என்று ஒரு வரி எழுதிப் போடுங்கள்.