பட்டாணி உரிக்கலாமா, பாக்கெட் வாங்கலாமா? சின்ன மெஸ்ஸுக்கு ஒரு கணக்கு

கிருஷ்ணகிரியில் நான் நடத்துவது சின்ன மெஸ். மத்தியானம் அறுபது சாப்பாடு, ராத்திரி சப்பாத்தியும் வெஜ் குருமாவும். அடுப்படியில் மாஸ்டர் ஒருவர், காய் நறுக்கிக் கொடுக்க ஒரு அக்கா. ஃப்ரோசனா, உரித்து நறுக்கியதா, முழுசா என்ற கேள்வி வந்தால் நான் பார்க்கும் வழி இது.

முதலில் தராசு

கடைக்காரர் சொல்லும் விலை சட்டிக்குள் போகும் விலை இல்லை. 2 கிலோ பட்டாணிக் காயை உரித்து, பருப்பை மட்டும் நிறுத்துப் பாருங்கள். எனக்கு 900 கிராம் கிடைத்தது, பாதிக்கு மேல் தொலிதான். அக்காவுக்கு 35 நிமிஷம் ஆனது.

பனிக்காலத்தில் காய் கிலோ 50 ரூபாய்க்கு வாங்கினேன். 100 ரூபாயை 0.9-ஆல் வகுத்தால் பருப்பு கிலோ 111 ரூபாய். ஆடியில் காய் 140 ரூபாய், அதே கணக்கில் பருப்பு 311. ஃப்ரோசன் பாக்கெட் கிலோ 120. அதிலும் ஐஸ் உருகி வடிந்தபின் 950 கிராம்தான் நின்றது, ஆக 126 ரூபாய். உங்கள் ஊர் விலையைப் போட்டு இதே மாதிரி வகுத்துக்கொள்ளுங்கள்.

பிறகு கடிகாரம்

ஆடியில் யோசிக்கவே வேண்டாம், பாக்கெட்தான். பனிக்காலத்தில்தான் சிக்கல். அக்காவுக்கு மணிக்கு 80 ரூபாய் என்று வைத்தால், ஒரு கிலோ பருப்புக்கு உரிகூலி 52 ரூபாய் ஏறுகிறது. 111 ரூபாய் 163 ஆகிவிடும், அப்போதும் பாக்கெட்தான் மலிவு போலத் தெரியும்.

ஆனால் அக்காவுக்கு மாதச் சம்பளம். பாக்கெட் வாங்கியதால் சம்பளம் குறையப் போவதில்லை. அந்த 35 நிமிஷத்தில் வேறு வேலை நடந்தால்தான் அது மிச்சம். மத்தியானம் மூன்று மணிக்கு அவர் சும்மா உட்கார்ந்திருந்தால் பனிக்காலத்தில் காயே லாபம். காலை ஆறு மணிக்கு, சாம்பாரும் பொரியலும் ஒன்றாக நெருக்கும்போது உரிக்க வேண்டியிருந்தால் பாக்கெட். நான் முதல் வருஷம் இதைக் கவனிக்காமல் கூலியை மிச்சம் பிடித்ததாக நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன்.

சின்ன வெங்காயத்தில் இந்தக் கணக்கு திரும்பிவிடுகிறது. முழுசு கிலோ 60, தோல் போக 880 கிராம், அதாவது 68 ரூபாய். உரித்தது 110. ஒரு கிலோ உரிக்க அரைமணி, கூலி 40. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான், ஆனால் உரித்து வருவது மறுநாளே ஈரம் கோத்து வழவழக்கும். "தண்ணியில ஊறப்போட்டா தோலு தானா வழுக்கிட்டு வரும், இதுக்கெதுக்குண்ணா காசு?" என்றார் அக்கா. மூன்று மணிக்கு உரித்து, ஈரம் துடைத்து, மூடி ஃபிரிட்ஜில் வைத்தால் மறுநாள் காலைக்கு ஆகும்.

தக்காளிக்கு இந்தக் கணக்கே வேண்டாம். ராயக்கோட்டையும் பாலக்கோடும் பக்கத்தில் இருக்க, யாராவது பாக்கெட் தக்காளி வாங்குவார்களா? விலை விழும் நாளில் நான் ஒரு கிரேடு வாங்கி, வேகவைத்து அரைத்து, நன்றாக வற்றவிட்டு, ஆறியதும் அரைக்கிலோ கவர்களில் தட்டையாக ஃப்ரீசரில் அடுக்கிவிடுவேன்.

எந்தப் பதார்த்தத்துக்கு?

உறையும்போது காய்க்குள் இருக்கும் தண்ணீர் ஊசி ஊசியாக ஐஸாகி, காயின் செல் சுவரைக் கிழிக்கிறது. உருகினால் அந்தத் தண்ணீர் வெளியே வந்து காய் தொளதொளக்கும். குருமாவில் அது தெரியாது. பொரியலில் முதல் வாயிலேயே தெரிந்துவிடும். ஃப்ரோசன் பீன்ஸை ஒருநாள் பொரியலுக்குப் போட்டேன், பாதி இலைகளில் அப்படியே ஒதுங்கிக் கிடந்தது. பட்டாணியைக்கூட உருகவிடாமல், கடைசி ஐந்து நிமிஷத்தில் உறைந்தபடியே கொதிக்கும் குருமாவில் கொட்டுங்கள்.

உரித்த பூண்டு வாங்கலாம், ஃபிரிட்ஜில் வைக்கும் வரை. எண்ணெயில் ஊறப்போட்டு வெளியே வைக்காதீர்கள். காற்றுப் புகாத அந்த எண்ணெய்க்குள் பாட்டுலிசம் என்ற நோயைக் கொடுக்கும் விஷம் உண்டாகலாம், முகர்ந்து பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

ஃப்ரீசரை நம்பலாமா?

வாங்கும்போது பாக்கெட்டைக் குலுக்குங்கள். பட்டாணி தனித்தனியாக உருள வேண்டும். செங்கல் மாதிரி கட்டியாக இருந்தால் வழியில் உருகி மறுபடி உறைந்திருக்கிறது, திருப்பிக் கொடுங்கள். மைனஸ் 18 டிகிரியில் இருக்கும் டீப் ஃப்ரீசர் நிறைந்திருந்தால், கரண்ட் போனாலும் கதவைத் திறக்காதவரை சுமார் இரண்டு நாள் தாங்கும். பாதி நிறைந்திருந்தால் ஒருநாள்தான்.

மெஸ்ஸைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போகிறவர்கள் ஒரு டம்ளரில் தண்ணீரை உறையவைத்து, மேலே ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துவிட்டுப் போங்கள். பொங்கலுக்கு மூன்று நாள் போய்வந்தபோது எல்லாம் கல் மாதிரி உறைந்துதான் இருந்தது. நாணயம் மட்டும் டம்ளரின் அடியில் கிடந்தது, அதாவது நடுவில் எல்லாம் உருகி மறுபடி உறைந்திருக்கிறது. நாலு கிலோ பட்டாணியைக் குப்பையில் கொட்டினேன்.