வெளியீட்டுப் பட்டியலில் ‘இன் பிரஸ்’ எப்போது?

உதவிப் பேராசிரியர் வேலைக்கு வரும் தன்விவரக் குறிப்புகளில் எழுத்துப் பிழைகளை நான் பொருட்படுத்துவதில்லை. ஏற்கப்படாத கட்டுரையை ‘இன் பிரஸ்’, அதாவது ஏற்கப்பட்டு வெளிவரக் காத்திருப்பது, என்று போட்டிருந்தால் மட்டும் கோபம் வருகிறது.

அனுப்பியதும் ஏற்கப்பட்டதும் ஒன்றல்ல

ஒரு நேர்காணலில் விண்ணப்பதாரர் ஒருவர் மூன்று கட்டுரைகளை அப்படிக் குறித்திருந்தார். ஏற்புக் கடிதங்களைக் கேட்டோம். இரண்டுக்கு இருந்தன. மூன்றாவதற்கு அவர் காட்டியது, சிறு திருத்தங்கள் கேட்டு இதழாசிரியர் அனுப்பிய மின்னஞ்சல். திருத்திக் கொடுத்தால் எடுத்துக்கொள்வார்கள் என்று அவர் நம்பினார். ஆனால் அந்தக் கட்டத்திலும் கட்டுரை நிராகரிக்கப்படலாம். அதற்குப் பிறகு குழுவினர், ஏற்கெனவே வெளிவந்திருந்த அவருடைய கட்டுரைகளைக்கூட ஒவ்வொன்றாகச் சரிபார்க்கத் தொடங்கினார்கள். நல்ல ஆய்வாளர், ஒரே ஒரு வரி அவரைச் சந்தேகத்துக்குரியவர் ஆக்கிவிட்டது.

ஒரு கட்டுரையின் பயணத்தைப் பாருங்கள். மார்ச்சில் அனுப்புகிறீர்கள்: ‘பரிசீலனையில்’. ஆகஸ்டில் திருத்தம் கேட்கிறார்கள்: இன்னும் ‘பரிசீலனையில்’தான், வேண்டுமானால் ‘திருத்தப்படுகிறது’ என்று எழுதலாம். நவம்பரில் ஏற்புக் கடிதம் வருகிறது: இப்போதுதான் ‘இன் பிரஸ்’. ஏபிஏ மேற்கோள் நடையில் இந்தச் சொல் ஆண்டு வரவேண்டிய இடத்தில் அமரும். இதழின் பெயரையும் கொடுக்கலாம். டிசம்பரில் கட்டுரை இணையத்தில் முன்கூட்டியே வெளியானால் அந்த ஆண்டையும் டிஓஐ எண்ணையும் எழுதி, ‘இன் பிரஸ்’ஸை நீக்கிவிட வேண்டும். அடுத்த ஏப்ரலில் இதழோடு வந்ததும் தொகுதி, பக்க எண்களைச் சேர்த்து, ஆண்டையும் இதழின் ஆண்டாக மாற்ற வேண்டும். இந்தக் கடைசித் திருத்தங்களை மறப்பவர்கள்தான் அதிகம். இரண்டு ஆண்டுகளாக ‘இன் பிரஸ்’ஸிலேயே நிற்கும் கட்டுரையைப் பார்த்தால், அப்படி ஒன்று இருக்கிறதா என்றே கேட்கத் தோன்றும்.

பரிசீலனையில் உள்ளவற்றைத் தனித் தலைப்பின் கீழ் வையுங்கள். அவற்றில் இதழின் பெயரைக் குறிப்பிட வேண்டாம் என்பது ஏபிஏ விதி. பெரிய இதழுக்கு அனுப்புவது யாராலும் முடியும் என்பதால் எனக்கும் அது நியாயமாகவே படுகிறது. ஆர்க்கைவ் போன்ற முன்பதிப்புத் தளத்தில் ஏற்றியிருந்தால் அதன் எண்ணைக் கொடுங்கள். குழுவினர் வாசித்தே பார்க்கலாம்.

இதழ்ப் பெயர்கள்

எல்லாம் முழுமையாக, அல்லது எல்லாம் சுருக்கமாக.

ஆசிரியர் வரிசை

கட்டுரையில் அச்சான வரிசையை மாற்றாதீர்கள். உங்கள் பெயரைத் தடித்த எழுத்தில் காட்டினால் போதும். முன்னால் நகர்த்தக் கூடாது. ‘மற்றும் பலர்’ என்று முடித்து உங்கள் இடத்தை மறைப்பதும் தவறு. நீங்கள் ஐந்தாவது ஆளா, கடைசி ஆளா என்பதைத்தான் வாசிப்பவர் தேடுகிறார். முதலிருவர் சமபங்கு என்று கட்டுரையிலேயே அச்சாகியிருந்தால் மட்டும் நட்சத்திரக் குறியிட்டு, அதற்கான விளக்கத்தைப் பட்டியலின் தொடக்கத்தில் ஒருமுறை எழுதுங்கள்.