இரண்டு லென்ஸ், ஒரே அச்சு: இறுதிப் பிம்பத்தை வரைந்து கண்டுபிடிப்பது எப்படி?

குடியாத்தத்தில் இருந்த என் பாட்டிக்குக் கண்புரை அறுவை செய்த பிறகு தடித்த கண்ணாடி ஒன்று கொடுத்திருந்தார்கள். உள்ளே செயற்கை லென்ஸ் வைக்காத காலத்து அறுவை அது. அந்தக் கண்ணாடியின் இரண்டு லென்ஸ்களும் இப்போது என்னிடம் இருக்கின்றன. வேலூரில் எங்கள் மாடி ஜன்னலுக்கு எதிர்ச் சுவரின் அருகே ஒன்றைப் பிடித்தால், வெளியே நிற்கும் மலை சுவரில் தலைகீழாகத் தெளிவாக விழுகிறது. அப்போது லென்ஸுக்கும் சுவருக்கும் இடையே 10 செ.மீ. அதுவே குவியத் தூரம். மற்றொன்றுக்கும் அதே அளவுதான். டியூஷனுக்கு வரும் பிள்ளைகளுக்கு இந்த இரண்டை வைத்துத்தான் லென்ஸ் கூட்டமைப்பைச் சொல்லித் தருகிறேன்.

தாளைத் தயார் செய்தல்

வரைபடத் தாளின் நடுவே கிடைமட்டமாக முதன்மை அச்சை வரையுங்கள். கிடைமட்டத்தில் தாளின் 1 செ.மீ. உண்மையில் 5 செ.மீ. என்று கொள்வோம். உயரத்தை மட்டும் உள்ளபடியே வரைவோம். இரு திசைக்கும் அளவுத்திட்டம் வேறாக இருந்தால் கோணங்கள்தான் மாறும். நேர்கோடு நேர்கோடாகவே இருக்கும், உயரங்களின் விகிதமும் மாறாது. நமக்கு வேண்டியது அந்த விகிதம்தான்.

இடது ஓரத்தில் 1 செ.மீ. உயர அம்பு ஒன்றைப் பொருளாக நிறுத்துங்கள். அதிலிருந்து தாளில் 3 செ.மீ. தள்ளி முதல் குவிலென்ஸ். அதாவது பொருள் தூரம் 15 செ.மீ. அங்கிருந்து 9 செ.மீ. தள்ளி இரண்டாவது லென்ஸ். இரண்டுக்கும் இடையே உண்மையில் 45 செ.மீ., இந்த இடைவெளியை d என்போம். ஒவ்வொரு லென்ஸையும் அச்சுக்கு மேலும் கீழும் 5 செ.மீ. நீளும் செங்குத்துக் கோடாகவே வரையுங்கள். மெல்லிய லென்ஸ் என்றால் ஒளி அந்தக் கோட்டில் ஒரே ஒரு முறை வளைகிறது என்று பொருள். வீங்கிய வடிவம் வரைந்தால் எந்த இடத்தில் வளைப்பது என்ற குழப்பம்தான் மிஞ்சும். லென்ஸ்களின் இருபுறமும் 2 செ.மீ. தள்ளிக் குவியப் புள்ளிகளைக் குறியுங்கள்.

முதல் லென்ஸ் மட்டும்

இரண்டாவது லென்ஸ் இருப்பதையே மறந்துவிடுங்கள். அம்பின் நுனியிலிருந்து அச்சுக்கு இணையாக ஒரு கதிர் வரையுங்கள். அது லென்ஸைத் தொட்டதும் அப்பாலுள்ள குவியப் புள்ளி வழியே இறங்கும். லென்ஸின் மையம் வழியே இன்னொரு கதிர் வளையாமல் செல்லும். இரண்டும் முதல் லென்ஸிலிருந்து தாளில் 6 செ.மீ. தள்ளி, அச்சுக்கு 2 செ.மீ. கீழே சந்திக்கும். கணக்கும் அதையே சொல்கிறது. u பொருள் தூரம், v பிம்பத் தூரம், f குவியத் தூரம், m உருப்பெருக்கம். லென்ஸுக்கு இடப்புறம் அளக்கும் தூரம் கழித்தல், வலப்புறம் அளப்பது கூட்டல்:

```
1/v1 = 1/f + 1/u1 = 1/10 − 1/15 = 1/30
v1 = +30 செ.மீ.
m1 = v1/u1 = 30/(−15) = −2
```

எல்லோரும் தவறும் இடம்

இங்கேதான் பெரும்பாலான நோட்டுகளில் படம் கெட்டுப்போகிறது. வந்த இரண்டு கதிர்களையும் அப்படியே நீட்டி, இரண்டாவது லென்ஸில் பட்டதும் அதன் குவியப் புள்ளி வழியே அனுப்பிவிடுகிறார்கள். நீட்டித்தான் பாருங்கள். ஒரு கதிர் அச்சுக்கு 3.5 செ.மீ. கீழேயும் மற்றது 3 செ.மீ. கீழேயும் இரண்டாவது லென்ஸில் படுகின்றன. அவற்றில் ஒன்றும் அச்சுக்கு இணையாக வரவில்லை, ஒன்றும் மையத்தைத் தொடவில்லை. அவை எப்படி வளையும் என்று சொல்லும் விதி நம் கையில் இல்லை.

ஆகவே அந்தக் கதிர்களை அங்கேயே நிறுத்துங்கள். முதல் பிம்பத்தின் நுனியைப் புதிய பொருளின் நுனியாகக் கொண்டு, வேறு நிறப் பென்சிலில் இரண்டு புதிய கதிர்கள் வரையுங்கள். இணையாகச் செல்வது லென்ஸை அடைந்து குவியப் புள்ளி வழியே மேலேறும். மையம் வழியே செல்வது நேராகப் போகும். இரண்டாவது லென்ஸிலிருந்து தாளில் 6 செ.மீ. தள்ளி, அச்சுக்கு 4 செ.மீ. மேலே அவை சந்திக்கும். இறுதிப் பிம்பம் அங்கே, நிமிர்ந்து நிற்கிறது. இப்போது பழைய கதிர்களையும் அந்தப் புள்ளிக்கு இழுத்துவிடலாம். ஒரு புள்ளியிலிருந்து கிளம்பும் எல்லாக் கதிர்களும் அதன் பிம்பத்தில்தான் கூட வேண்டும்.

```
u2 = v1 − d = 30 − 45 = −15 செ.மீ.
v2 = +30 செ.மீ.,  m2 = −2
m = m1 × m2 = (−2)(−2) = +4
```

உருப்பெருக்கங்களைப் பெருக்க வேண்டும், கூட்டக் கூடாது. முதல் லென்ஸ் 1 செ.மீ.யை 2 ஆக்கியது, இரண்டாவது அந்த 2-ஐ 4 ஆக்கியது. கூட்டினால் −4 வரும், தலைகீழ்ப் பிம்பம் என்று எழுத நேரும். படத்தில் அம்பு நிமிர்ந்திருப்பதைப் பார்த்தாலே தவறு தெரிந்துவிடும்.

வரையும்போது முதல் பிம்பத்தைக் கவனமாகக் குறியுங்கள். அது 1 மி.மீ. நகர்ந்தால் இறுதிப் பிம்பம் ஏறத்தாழ 4 மி.மீ. நகரும், ஏனெனில் அச்சின் நெடுகே ஏற்படும் பிழை m2-இன் இருமடிக்கு ஏற்பப் பெருகுகிறது.

லென்ஸைக் கிட்டே நகர்த்தினால்

அதே படத்தை இன்னொரு தாளில் வரையுங்கள். இம்முறை லென்ஸ்களுக்கு இடையே 20 செ.மீ., தாளில் 4 செ.மீ. முதல் பிம்பம் 30 செ.மீ.யில் உருவாக வேண்டும். அதற்கு முன்பே இரண்டாவது லென்ஸ் குறுக்கே நிற்கிறது. கதிர்கள் கூடப் போகும் இடத்தைப் புள்ளிக்கோட்டால் குறித்துக்கொள்ளுங்கள். இதுவே மாயப் பொருள்.

அந்த நுனியை நோக்கி இணையாக வரும் கதிர் அச்சுக்கு 2 செ.மீ. கீழே இரண்டாவது லென்ஸைத் தொட்டு, அப்பாலுள்ள குவியப் புள்ளியை நோக்கி வளையும். மையம் வழியே அந்த நுனியை நோக்கிச் செல்லும் கதிர் வளையாது. இரண்டும் லென்ஸிலிருந்து தாளில் 1 செ.மீ. தள்ளி, அச்சுக்கு 1 செ.மீ. கீழே வெட்டிக்கொள்ளும்.

```
u2 = v1 − d = 30 − 20 = +10 செ.மீ.
1/v2 = 1/10 + 1/10 = 1/5
v2 = +5 செ.மீ.,  m2 = 5/10 = +0.5
m = (−2)(+0.5) = −1
```

u2 கூட்டல் குறியோடு வந்ததும் பலர் பயந்து கழித்தல் போட்டுவிடுகிறார்கள். போடாதீர்கள். `u2 = v1 − d` என்ற ஒரே வரி இரண்டு நிலைமைக்கும் பொருந்தும், குறியை அதுவே முடிவு செய்யும்.

இங்கே `1/F = 1/f1 + 1/f2` என்ற வாய்பாட்டைப் போட்டுப் பார்க்கும் ஆசையும் வரும். அது லென்ஸ்கள் ஒட்டியிருக்கும்போது மட்டுமே செல்லும். இங்கே போட்டால் பிம்பம் 7.5 செ.மீ.யில், உருப்பெருக்கம் −0.5 என்று வரும். நம் விடைகளோ 5 செ.மீ., −1.

மேசையில் பார்த்தபோது

அகல் விளக்கின் சுடருக்கு முன்னால் பாட்டியின் லென்ஸ்களை நிறுத்திப் பார்த்தோம். 20 செ.மீ. இடைவெளியில் சுடர் முழுவதும் தலைகீழாக வெள்ளைத் தாளில் விழுந்தது, விளிம்பு மட்டும் கொஞ்சம் மங்கல். 45 செ.மீ. இடைவெளியிலோ சுடரின் நடுப்பகுதி மட்டும் பெரிதாகத் தெரிந்தது, நுனியைக் காணவில்லை. ஒரு மாணவி கணக்கு தவறோ என்று கேட்டாள். தாளை எடுத்துப் பார்க்கச் சொன்னேன். 1 செ.மீ. உயரத்து நுனியிலிருந்து முதல் லென்ஸின் மையம் வழியே வரும் கதிர், இரண்டாவது லென்ஸின் மட்டத்தில் 3 செ.மீ. கீழே இருக்கிறது. லென்ஸின் விட்டமே 4 செ.மீ.தான், மையத்திலிருந்து விளிம்பு 2 செ.மீ. நுனியின் ஒளி லென்ஸுக்கு வெளியே போய்விடுகிறது. தாளில் நாம் 5 செ.மீ. வரை நீட்டி வரைந்த கோடு அங்கே கண்ணாடியாக இல்லை. திரியை உள்ளே இழுத்து, சுடரை அச்சிலிருந்து 3 மி.மீ. உயரத்துக்குக் குறைத்ததும் நுனி வந்துவிட்டது. வெள்ளைத் தாளில் விழுந்த பிம்பத்தின் உயரத்தை அவளே அளந்தாள்: 12 மி.மீ., நிமிர்ந்து.