கிளையன்ட் கிளம்புவதற்குள் சொல்லுங்கள்: சந்திப்பைக் கடைசி நேரத்தில் தள்ளிவைக்கும் முறை

புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு கோவையில் என் அலுவலகத்தில் சந்திப்பு. திருப்பூரில் பனியன் யூனிட் வைத்திருக்கும் ஒருவர், வெப்சைட் வேலைக்கான ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வருகிறார். எட்டேகாலுக்கு அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார், ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அன்று நான் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

1. கெடு பதினொரு மணி அல்ல

அவர் வண்டி எடுக்கும் நேரம்தான் கெடு. திருப்பூரிலிருந்து கோவைக்கு சுமார் 50 கிலோமீட்டர், எப்படியும் ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். அப்படியென்றால் ஒன்பதரைக்குள் அவருக்குத் தெரிந்தாக வேண்டும். பத்தரைக்குச் சொன்னால் பாதி வழியில் நிற்பார், அப்போது எவ்வளவு நல்ல காரணமும் எடுபடாது. எனவே "எப்படியாவது சமாளித்துப் போய்விடலாமா" என்று யோசிப்பதை ஒன்பது மணியோடு நிறுத்திவிட வேண்டும்.

2. போன்தான், மெசேஜ் இல்லை

வாட்ஸ்அப்பில் இரண்டு டிக் விழுந்தால் அவர் போனுக்குப் போய்ச் சேர்ந்தது என்று மட்டுமே அர்த்தம். வண்டி ஓட்டுகிறவர் பார்க்கமாட்டார். எடுக்கவில்லையா, ஐந்து நிமிடம் விட்டு மறுபடி கூப்பிடுங்கள். அப்புறம் அவர் யூனிட் மேனேஜருக்கு. எடுத்ததும் நான் கேட்டது இதுதான்:

"சார், வணக்கம்ங்க. கிளம்பிட்டீங்களா?"

"இன்னும் இல்லீங்க, சொல்லுங்க."

"அம்மா விழுந்துட்டாங்க, ஆஸ்பத்திரி போய்ட்டிருக்கேன். இன்னைக்கு வர முடியாதுங்க, மன்னிக்கணும். ரெண்டு மூணு நேரம் அனுப்பறேன், எது தோதோ அதுல வெச்சுக்கலாம்."

காரணம் ஒரே வரி, உண்மையான வரி. எக்ஸ்ரே, எந்த டாக்டர் என்று நீட்ட ஆரம்பித்தால் சாக்குச் சொல்வது போலாகிவிடும். சொல்ல முடியாத காரணமென்றால் "வீட்டில் ஒரு அவசரம்" போதும். பொய் மட்டும் வேண்டாம், ஊர் சின்னது.

ஒருவேளை கிளம்பிவிட்டேன் என்றால்? திரும்பிப் போகச் சொல்லாதீர்கள். உங்கள் இடத்தில் பேசக்கூடிய ஆள் இருந்தால் "அவர் பேசுவார், நான் பதினைந்து நிமிடம் போனில் சேர்ந்துகொள்கிறேன்" என்று கேட்டுப் பாருங்கள். ஆள் இல்லையென்றால் அடுத்த சந்திப்புக்கு நீங்களே அவர் இடத்துக்குப் போவதுதான் முறை.

3. மாற்று நேரம்: மூன்று போதும்

ஆரம்பத்தில் நான் "உங்களுக்கு எப்போ வசதி?" என்று கேட்டுவிடுவேன். பணிவுதான், ஆனால் வேலையை அவர் தலையில் கட்டுவது அது. "பார்த்துச் சொல்றேன்" என்பார், ஒரு வாரம் போய்விடும்.

நேரத்தைத் தேர்ந்தெடுக்கும்போது அவர் வாரம் எப்படி ஓடுகிறது என்று பாருங்கள். இவர் யூனிட்டில் சனிக்கிழமை சம்பளம் போடுவார்கள், எனவே சனி வேண்டாம். கையெழுத்து என்பதால் ராகு காலமும் பார்த்தேன். எனக்கு நம்பிக்கை இருக்கிறதா என்பது வேறு விஷயம், அவர் பார்ப்பார். வியாழன் ஒன்றரை முதல் மூன்று, வெள்ளி பத்தரை முதல் பன்னிரண்டு, திங்கள் ஏழரை முதல் ஒன்பது. இவற்றைத் தவிர்த்தேன். நாளும் வேளையும் கலந்து இருந்தால் ஏதாவது ஒன்று ஒத்துவரும்.

ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து அனுப்பிய மெசேஜ்:

> சார், இன்றைய சந்திப்பு தள்ளிப்போனதற்கு மன்னிக்கவும். கீழே உள்ளதில் ஒன்றைச் சொல்லுங்கள்:
> 1) வியாழன் மாலை 4.00, திருப்பூரில் உங்கள் அலுவலகம், நான் வருகிறேன்
> 2) வெள்ளி மதியம் 3.00, கோவை
> 3) திங்கள் காலை 11.00, கோவை
> இன்று மாலை 6 மணி வரை மூன்றையும் உங்களுக்காக வைத்திருப்பேன். ஒப்பந்த நகலை மதியத்துக்குள் அனுப்புகிறேன், சந்திப்புக்குள் படித்துவைக்கலாம்.

அனுப்புவதற்கு முன்பே மூன்று நேரத்தையும் என் காலண்டரில் அடைத்துவிட்டேன். இதை விட்டுவிட்டு, அவர் தேர்ந்தெடுத்த நேரத்தில் "அது போய்விட்டதே சார்" என்று ஒருமுறை வேறொருவரிடம் சொல்லியிருக்கிறேன். அதற்கு முதல் ரத்தே தேவலாம்.

மெசேஜின் கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். சந்திப்பு தள்ளிப்போனாலும் வேலை நகர்கிறது என்பது அதில்தான் தெரியும். அதனால் மதியத்துக்குள் என்றால் மதியத்துக்குள் போய்ச் சேர வேண்டும்.

4. காலண்டர்

கூகுள் காலண்டரில் அழைப்பு அனுப்பியிருந்தால், புது நேரம் முடிவானதும் அதே அழைப்பைத் திறந்து நேரத்தை மாற்றி `Send` கொடுங்கள். அவர்கள் கிளம்பும் நேரத்துக்குள் பதில் வராவிட்டால் பழையதை நீக்கிவிடுங்கள். இல்லையென்றால் போனில் நீங்கள் பேசாத அவர் அக்கவுண்டண்ட், நினைவூட்டலைப் பார்த்துவிட்டு பதினொரு மணிக்கு வந்து நிற்பார்.

கிளையன்ட் வெள்ளி மூன்று மணி என்றார். வியாழன் சாயங்காலம் "நாளைக்கு மூணு மணிங்க, நான் அலுவலகத்தில் இருப்பேன்" என்று ஒரு வரி அனுப்பினேன். அம்மாவுக்கு மணிக்கட்டில் கட்டு, வேறொன்றும் இல்லை. ஆனாலும் வெள்ளிக்கிழமை மதியம் அவரைப் பார்த்துக்கொள்ள அக்காவை முன்கூட்டியே வரச் சொல்லிவிட்டேன். இரண்டாவது முறை தள்ளிவைக்க என்னிடம் காரணம் இருந்தாலும், கேட்க கிளையன்ட்டுக்குப் பொறுமை இருக்காது.