ஒரே பத்தியை நான்கு முறை திருத்துவது எப்படி: வாய்க்காலில் தண்ணீர் எட்டிய நாளை வைத்து ஒரு செய்முறை

எழுத ஆரம்பிப்பவர்கள் பலர் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "எழுதிவிடுகிறேன், ஆனால் படித்துப் பார்த்தால் யாரோ எழுதியதுபோல இருக்கிறது, என்ன செய்ய?" இதற்கு என்னிடம் இருக்கும் பதில் ஒரு சின்னப் பயிற்சி. வாசிப்பு, தினசரி எழுத்து, திருத்தம் மூன்றையும் ஒரே பத்திக்குள் கொண்டுவரும் பயிற்சி. மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊர் வாய்க்காலில் தண்ணீர் வந்த நாளைப் பற்றி நான் எழுதிய பத்தியையே எடுத்துக்கொள்கிறேன். நீங்கள் உங்கள் ஊரில் பார்த்த எதையும் வைத்துச் செய்யலாம்.

படி 1: வினைச்சொல்லைத் தேடி வாசியுங்கள்

நிறைய வாசிக்கச் சொல்வார்கள். எதைக் கவனித்து வாசிப்பது என்று சொல்ல மாட்டார்கள். தொடங்குபவர்கள் ஒரு மாதத்துக்கு வினைச்சொல்லை மட்டும் கவனித்தால் போதும் என்பது என் அனுபவம். பிடித்த ஒரு பக்கத்தை எடுத்து, அதில் வரும் வினைகளை மட்டும் நோட்டில் எழுதுங்கள். பிறகு புத்தகத்தை மூடிவிட்டு, அந்த வினைகளை வைத்தே பக்கத்தை நினைவிலிருந்து எழுதிப் பாருங்கள். மறுபடி திறந்து ஒப்பிட்டால், ஆசிரியர் எங்கே சுருக்கமாகச் சொன்னார், நீங்கள் எங்கே இழுத்தீர்கள் என்பது வரிவரியாகத் தெரியும்.

நம் டெல்டாவில் இதற்குப் பஞ்சமே இல்லை. பேச்சு எப்படிக் கதையை நகர்த்துகிறது என்று பார்க்கத் தி. ஜானகிராமன், எதைச் சொல்லாமல் விடலாம் என்று பார்க்கக் கு. ப. ராஜகோபாலன், தெளிவாக ஒரு சம்பவத்தைச் சொல்வது எப்படி என்று பார்க்க உ. வே. சாமிநாதையர் தம் வாழ்க்கையை எழுதிய உரைநடை. இவர்களோடு செய்தித்தாளின் மாவட்டப் பக்கம், வேளாண்மைத் துறைத் துண்டறிக்கை, பழைய கடிதம் எல்லாவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கதை மட்டுமே வாசிப்பவரின் எழுத்து ஒரே மாதிரி ஆகிவிடுகிறது.

காதாலும் வாசிக்க வேண்டும். தண்ணீரைப் பற்றி நம் விவசாயிகள் பேசும்போது "வந்தது" என்று பொதுவாகச் சொல்வது குறைவு. எட்டியது, ஏறியது, வடிந்தது, கட்டி நின்றது, கசிந்தது, உடைத்துக்கொண்டது என்பார்கள். ஒவ்வொன்றும் வேறு நிலைமை. "எட்டியது" என்றால் இத்தனை நாள் எட்டாமல் இருந்தது என்பதும் அதற்குள் அடக்கம். கடைமடைக்காரர் வாயில்தான் அந்தச் சொல்லுக்கு முழு எடை உண்டு. என் நோட்டின் கடைசிப் பக்கங்களில் இப்படிக் கேட்ட வினைகளுக்கு மட்டும் ஓர் இடம் ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

படி 2: தினமும் இருபது நிமிடம், பார்த்ததை மட்டும்

நேரத்தை நிர்ணயித்துக்கொள்ளுங்கள், பக்க அளவை வேண்டாம். அன்று கண்ணால் பார்த்த, காதால் கேட்ட ஒன்றை இருபது நிமிடம் எழுதுங்கள். கருத்து, பாராட்டு, வருத்தம் எதுவும் வேண்டாம். வாக்கியம் முழுமையாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை. தண்ணீர் வந்த அன்று நான் எழுதியது இவ்வளவுதான்:

> மாலை நாலரை. முன்னால் நுரை, வைக்கோல் துணுக்கு. வெடிப்புக்குள் இறங்கும்போது கொப்புளம். ஆள் நடக்கிற வேகம். எதிர்வீட்டுத் தாத்தா, துண்டு முடிச்சு, நெல். பையன்கள் கரையில் கூடவே. மதகு. மேட்டூர் திறந்து 18 நாள்.

இந்தக் குறிப்பு பின்னால் என்னைக் காப்பாற்றியது.

படி 3: எழுதி, மூன்று நாள் விட்டுவிடுங்கள்

மறுநாள் உட்கார்ந்து அதையே பத்தியாக எழுதினேன். நோட்டைத் திறக்காமல் எழுதினேன், அதுதான் தவறு. வந்தது இது:

> டெல்டாவின் உயிர்நாடியாக விளங்கும் காவிரி நீரானது எங்கள் கிராமத்து வாய்க்காலுக்கு நேற்று வந்து சேர்ந்தது. இதனால் விவசாயிகள் மட்டற்ற மகிழ்ச்சி அடைந்தனர். வறண்டு கிடந்த வாய்க்காலில் நீர் மிகவும் அழகாகப் பாய்ந்து வந்தது கண்கொள்ளாக் காட்சியாக இருந்தது. பெரியவர் ஒருவரால் நெல் தூவப்பட்டு வழிபாடு செய்யப்பட்டது. சிறுவர்கள் தண்ணீரில் குதித்து விளையாடியது. இந்த நிகழ்வு என் மனதில் நீங்கா இடம் பிடித்தது.

எழுதி முடித்த சூட்டில் இது நன்றாகவே இருப்பதாகத் தோன்றியது. எழுதிய கை ஆறும்வரை திருத்தக் கூடாது. நாம் எழுத நினைத்ததைத்தான் கண் வாசிக்கும், தாளில் இருப்பதை அல்ல. மூன்று நாள் போதும். தொலைபேசியில் தட்டச்சு செய்திருந்தால் எழுத்துருவையோ எழுத்தின் அளவையோ மாற்றி வாசித்தாலும் புதிதாகத் தெரியும்.

படி 4: நான்கு சுற்றுத் திருத்தம்

ஒரு சுற்றில் ஒன்றை மட்டும் பாருங்கள். எல்லாவற்றையும் ஒரே தடவையில் பார்க்கப் போனால் ஒற்றுப்பிழையைத் திருத்திவிட்டு, வெற்று வாக்கியத்தை அப்படியே விட்டுவிடுவோம்.

*முதல் சுற்று: அந்த இடத்தில் இல்லாதவரும் எழுதக்கூடியது எது?* அதன் கீழே கோடு போடுங்கள். என் பத்தியில் உயிர்நாடி, மட்டற்ற மகிழ்ச்சி, கண்கொள்ளாக் காட்சி, நீங்கா இடம் நான்கும் சிக்கின. இவற்றைத் திருவையாற்றிலிருந்தும் எழுதலாம், வேதாரண்யத்திலிருந்தும் எழுதலாம், வாய்க்காலையே பார்க்காமலும் எழுதலாம். அடித்துவிட்டால் மிஞ்சுவது தாத்தா நெல் தூவியதும் பையன்கள் குதித்ததும்தான். மனசு கொஞ்சம் வாடும். இப்போதுதான் படி 2-இன் நோட்டைத் திறக்க வேண்டும். அடித்த ஒவ்வொரு சொல்லுக்கும் பதிலாக அதில் ஏதாவது இருக்கிறதா என்று தேடுங்கள். "மட்டற்ற மகிழ்ச்சி"க்குப் பதில் எனக்குக் கிடைத்தது "18 நாள்". மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-இல் திறக்கும். அந்தத் தண்ணீர் கல்லணைக்கு வந்து, ஆறு ஆறாகப் பிரிந்து, வாய்க்கால் வாய்க்காலாக இறங்கிக் கடைமடைக்கு வரும்வரை ஊரே நாள் எண்ணிக்கொண்டிருக்கும். எண்ணிக்கையைச் சொன்னால் காத்திருப்பு புரிந்துவிடுகிறது. மகிழ்ச்சியைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

*இரண்டாம் சுற்று: வினை.* "நீரானது" என்பதில் "ஆனது" எதற்கும் உதவவில்லை. "வழிபாடு செய்யப்பட்டது" என்பதில் செய்தவர் மறைந்துபோகிறார். தூவினார் என்றால் கை தெரிகிறது. "வந்து சேர்ந்தது" என்ற இடத்தில் நோட்டின் கடைசிப் பக்கத்திலிருந்த "எட்டியது" வந்து உட்கார்ந்தது. "மிகவும் அழகாக" என்பது போன்ற அடைகள் பெரும்பாலும் வினை சோர்ந்து கிடக்கும் இடத்தில்தான் வந்து ஒட்டும். அடையை எடுத்துவிட்டு, தண்ணீர் உண்மையில் என்ன செய்தது என்று கேளுங்கள். வெடிப்பில் நின்றது, இறங்கியது, நிரம்பியது, நகர்ந்தது.

இரண்டு சுற்று முடிந்ததும் பத்தி இப்படி ஆகியிருந்தது:

> மேட்டூர் திறந்து 18 நாள் கழித்து, நேற்று மாலை நாலரை மணிக்கு எங்கள் வாய்க்காலில் தண்ணீர் எட்டியது. ஆள் நடக்கிற வேகம்தான். நுரையும் வைக்கோல் துணுக்கும் முன்னால் உருண்டு வந்தன. வெடிப்பு இருந்த இடத்தில் எல்லாம் தண்ணீர் நின்று, உள்ளே இறங்கி, கொப்புளம் விட்டு, நிரம்பிய பிறகே மேலே நகர்ந்தது. எதிர்வீட்டுத் தாத்தா துண்டு முடிச்சை அவிழ்த்து ஒரு கை நெல்லைத் தூவினார். பையன்கள் கரையில் கூடவே நடந்தார்கள். மதகடிக்கு வந்ததும் குதித்தார்கள்.

*மூன்றாம் சுற்று: வாய்விட்டு வாசிப்பது.* தொலைபேசியில் பதிவுசெய்து கேட்டால் இன்னும் நல்லது. தமிழில் முக்கிய வினை கடைசியில் வருவதால், எழுவாய்க்கும் வினைக்கும் நடுவே அதிகம் அடைத்தால் கேட்பவர் தவித்துப்போவார். மூச்சு வாங்கும் இடத்தில் வாக்கியத்தை உடைத்துப் பாருங்கள். ஆனால் எல்லா நீளத்தையும் உடைக்க வேண்டாம். வெடிப்பு வாக்கியத்தை நான் நீளமாகவே விட்டேன். தண்ணீர் நின்று நின்று வந்த தாமதம் அந்த நீளத்தில்தான் இருக்கிறது. அதையும் துண்டு துண்டாக்கிய ஒரு வடிவத்தை எழுதிப் பார்த்தேன், தந்திபோல இருந்தது. வெட்டுவதில் ருசி கண்ட பிறகு பலர் விழும் பள்ளம் இது. தொடர்ந்து நான்கு வாக்கியம் மூன்று மூன்று சொல்லாக வந்தால் அளவுக்கு மீறி வெட்டிவிட்டீர்கள் என்று பொருள்.

வட்டாரச் சொல்லை வெட்டுவதிலும் கவனம் வேண்டும். "மதகடி" வெளியூர்க்காரருக்குப் புரியாது என்று ஒரு நண்பர் சொன்னார். பையன்கள் குதிக்கும் இடம் என்பது வாக்கியத்திலேயே தெரிவதால் மாற்றவில்லை. பொருள் சூழலிலிருந்து விளங்கினால் சொல் இருக்கட்டும். விளங்காவிட்டால் பக்கத்தில் ஒரு வாக்கியம் சேருங்கள், சொல்லை எடுக்காதீர்கள்.

*நான்காம் சுற்று: பிழை.* இதைக் கடைசியில் வைப்பதற்குக் காரணம், அடிக்கப்போகும் வாக்கியத்துக்கு ஒற்றுப் போட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம் என்பதுதான். தொடங்குபவர் முதலில் இரண்டை மட்டும் பிடித்துக்கொள்ளலாம். ஒன்று, எழுவாயும் வினையும் ஒத்துப்போவது: என் முதல் வரைவில் "சிறுவர்கள் விளையாடியது" என்று இருந்ததைப் பாருங்கள், "விளையாடினார்கள்" என்று இருக்க வேண்டும். இன்னொன்று, "ஐ", "கு" என்ற வேற்றுமை உருபுகள் வெளிப்படையாக வந்து, அடுத்த சொல் க, ச, த, ப வரிசையில் தொடங்கினால் ஒற்று மிகும்: நெல்லைத் தூவினார், வயலுக்குப் போனார். பெயரெச்சத்துக்குப் பின் பொதுவாக மிகாது: நிரம்பிய பிறகு, வந்த தண்ணீர். பத்தியைக் கடைசி வாக்கியத்திலிருந்து முதல் வாக்கியத்துக்குப் பின்னோக்கி வாசித்தால், பொருள் இழுத்துக்கொண்டு போகாது; எழுத்துப் பிழை கண்ணில் படும்.

படி 5: அங்கே இருந்த ஒருவருக்கு வாசித்துக் காட்டுங்கள்

எப்போது நிறுத்துவது? நேற்று மாற்றிய சொல்லை இன்று பழையபடி திருப்பிப் போட ஆரம்பித்தால் உங்கள் பங்கு முடிந்தது. அதற்குமேல் இன்னொருவர் காது வேண்டும். இலக்கணம் தெரிந்தவர்தான் வேண்டும் என்பதில்லை, அந்த இடத்தில் இருந்தவர் வேண்டும். "நன்றாக இருக்கிறதா?" என்று கேட்காதீர்கள், இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். "நடந்தது இப்படித்தானா?" என்று கேளுங்கள்.

நான் எதிர்வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து வாசித்தேன். தாத்தா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடித்ததும், "எல்லாம் சரிதாம்ப்பா. ஆனா நான் போட்டது சும்மா நெல்லு இல்ல, விதைநெல்லு. விதைக்க எடுத்து வச்சதுலேர்ந்து ஒரு கை" என்றார்.

வீட்டுக்கு வந்து ஒரே ஒரு சொல்லை மாற்றினேன்: எதிர்வீட்டுத் தாத்தா துண்டு முடிச்சை அவிழ்த்து ஒரு கை விதைநெல்லைத் தூவினார்.