வால்வு, ஃப்ளோ மீட்டர் டர்ன்டவுன்: கேட்லாக்கை நம்பிச் செய்யும் தவறுகள்

"வால்வின் ரேஞ்சபிலிட்டி 50:1, நமக்கு வேண்டியது 20:1 தானே" என்று ஆர்டர் போடுவதுதான் முதல் தவறு. அந்த 50:1, அதாவது வால்வு கட்டுப்படுத்தக்கூடிய அதிகபட்ச, குறைந்தபட்ச ஓட்டங்களின் விகிதம், வால்வின் குறுக்கே அழுத்த வீழ்ச்சி மாறாமல் இருந்தால் கிடைப்பது. லைனில் அது ஓட்டத்தோடு சேர்ந்து மாறும்.

ஒரு தண்ணீர் லைனைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓட்டம் மணிக்கு 100 கன மீட்டரிலிருந்து 5 வரை இறங்க வேண்டும். பைப், வால்வு இரண்டுக்கும் சேர்த்து 4 பார் இருக்கிறது. முழு ஓட்டத்தில் பைப்பின் உராய்வே 3.5 பாரை எடுத்துக்கொள்ளும். வால்வுக்கு மிஞ்சுவது 0.5 பார். ஓட்டம் 5-க்கு வந்தால் உராய்வு அநேகமாக மறைந்து, 4 பாரும் வால்வின் மேல் விழும். வால்வின் கொள்ளளவைச் சொல்லும் எண் Kv. தண்ணீருக்கு Kv = Q/√ΔP; Q மணிக்குக் கன மீட்டரில் ஓட்டம், ΔP பாரில் அழுத்த வீழ்ச்சி. அதன்படி மேலே 141 வேண்டும், கீழே 2.5. ஓட்டத்தின் விகிதம் 20:1 என்றாலும் வால்வு தர வேண்டியது 56:1.

Kv 160 உள்ள 50:1 வால்வு 3.2 வரைதான் கட்டுப்படுத்தும். "எதற்கும் இருக்கட்டும்" என்று 250 வாங்கினால் அந்த எல்லை 5-க்கு ஏறிவிடும். பெரிய வால்வு பாதுகாப்பு என்ற எண்ணம் இங்கே நேரெதிராக வேலை செய்கிறது. பிளக் சீட்டை ஒட்டியே நிற்கும், ஒட்டிக்கொண்டு திடீரென்று குதிக்கும். டிரெண்டில் ஓட்டம் படிப்படியாக ஏறி இறங்குவது தெரியும். உடனே பிஐடி கெயினைக் குறைப்பார்கள். ஆட்டம் நிற்காது, மெதுவாகும், அவ்வளவுதான்.

சரியான வழி, Kv 16 உள்ள சின்ன வால்வு ஒன்றை இணையாகப் போட்டு ஸ்பிளிட் ரேஞ்ச் செய்வது. இரண்டும் 50:1 ஈக்வல் பர்சென்டேஜ் வால்வுகள் என்றால், 5 கன மீட்டரில் சின்னது சுமார் 52 சதவீதத் திறப்பில் நிதானமாக நிற்கும். ஓட்டம் 30-ஐ நெருங்கும்போது பெரியதற்கு மாற்றினால் அதுவும் 40 சதவீதத் திறப்பில் வேலையைத் தொடங்கும்.

அளவீட்டில் தவறு இன்னும் எளிதாக நடக்கிறது. ஓரிஃபிஸில் அழுத்த வித்தியாசம் ஓட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். முழு ஓட்டத்துக்கு 250 மில்லிபார் என்றால், 5 கன மீட்டருக்கு வெறும் 0.6 மில்லிபார், அதாவது சுமார் 6 மில்லிமீட்டர் தண்ணீர் உயரம். டிரான்ஸ்மிட்டருக்கு அழுத்தத்தைக் கொண்டுபோகும் இம்பல்ஸ் லைனின் செங்குத்துப் பகுதியில் அதே உயரத்துக்குக் காற்று தங்கினால் போதும், ரீடிங் பூஜ்யமாகலாம், இல்லையேல் சுமார் 1.4 மடங்காகக் காட்டலாம். லைன் சுத்தமாக இருந்தாலும், ஸ்பேனில் 0.1 சதவீதப் பிழையுள்ள டிரான்ஸ்மிட்டர் அங்கே ஓட்டத்தில் சுமார் 20 சதவீதம் பிழை காட்டும். 25 கன மீட்டரில் அதே கருவியின் பிழை 1 சதவீதத்துக்குள் இருக்கும். ஓரிஃபிஸுக்கு 4:1 என்று சொல்வது இதனால்தான்.

0–15 மில்லிபார் ஸ்பேனில் இரண்டாவது டிரான்ஸ்மிட்டர் வைத்தால் அந்த 20 சதவீதம் 1.2 ஆகக் குறையும்; காற்றுப் பிரச்சினை மட்டும் அப்படியே இருக்கும். மின்கடத்தும் தண்ணீர்தானே என்றால் மேக்னெட்டிக் மீட்டர் நல்லது. ஆனால் பைப் 150 மில்லிமீட்டர் என்பதற்காக மீட்டரையும் 150-இல் வாங்காதீர்கள். 5 கன மீட்டரில் வேகம் விநாடிக்கு 0.08 மீட்டர்தான். ரெடியூசர் போட்டு 80 மில்லிமீட்டர் மீட்டர் வைத்தால் அது 0.28 ஆகும், முழு ஓட்டத்தில் 5.5 மீட்டர் வேகத்தையும் மீட்டர் தாங்கும். ரெடியூசரில் கூடும் அழுத்த இழப்பை வால்வுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.