சோயா உருண்டையும் சைவ மட்டனும்: கணக்கில் எங்கே தவறுகிறோம்?

தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிறார் என் தங்கை கணவர். 48 நாள் விரதம். பட்டர்வொர்த்தில் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தபோது சட்டியில் சோயா உருண்டைப் பிரட்டல் கொதித்துக்கொண்டிருந்தது. "பருப்பை விட ரெண்டு மடங்கு சத்துண்ணே, பேக்கட்லயே போட்டிருக்கு" என்றாள் தங்கை. அதனால் அன்று சாம்பார் வைக்கவில்லை.

பேக்கட்டில் போட்டிருப்பது உண்மைதான். 100 கிராம் சோயா உருண்டையில் சுமார் 52 கிராம் புரதம். துவரம்பருப்பில் 22 கிராம் அளவில்தான் இருக்கும். ஆனால் இரண்டுமே காய்ந்த எடைக்கான கணக்கு. தங்கை போட்டது எவ்வளவு என்று கேட்டு, அதே அளவை அள்ளித் தராசில் வைத்தோம். 50 கிராம்தான். ஊறினால் ஏறக்குறைய மூன்று மடங்கு எடையாகிவிடும், அதனால் கிண்ணம் நிறைந்து தெரியும். அதில் இருக்கும் புரதம் 26 கிராம். நான்கு பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு ஆறரை கிராம். வழக்கமாக அவள் கெட்டிப் பருப்பு வைக்க எடுப்பது 200 கிராம். அதில் 44 கிராம், அதாவது ஆளுக்கு 11. சத்துக் கூடியது என்று நம்பி எடுத்த முடிவில் தட்டில் இருந்த புரதம் பாதிக்கு அருகில் குறைந்துவிட்டது!

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. காய்ந்த உருண்டையின் 52 கிராமை, வெந்த பருப்பின் ஏழெட்டு கிராமோடு வைத்து "ஏழு மடங்கு" என்று சொல்லிவிடுகிறார்கள். வெந்த பருப்பின் எடையில் பெரும்பகுதி தண்ணீர். ஊறிய உருண்டையிலும் அப்படித்தான், 100 கிராமுக்குப் புரதம் 17 கிராம் அளவில் இறங்கிவிடும். காய்ந்ததைக் காய்ந்ததோடும், வெந்ததை வெந்ததோடும்தான் ஒப்பிட வேண்டும். கடைச் சாம்பாரைப் பருப்புக் கணக்கில் சேர்க்காதீர்கள், ஒரு கரண்டியில் பருப்பு எங்கே என்று தேட வேண்டியிருக்கும்.

அடுத்தது, சோயா உருண்டையையும் குளிர்பெட்டியில் விற்கும் சைவ மட்டனையும் ஒன்றாக நினைப்பது. உருண்டை ஆலையில் செய்ததுதான், மறுக்கவில்லை. சோயாவின் தோலை நீக்கி, தட்டையாக்கி, பெரும்பாலும் ஹெக்சேன் என்ற கரைப்பானால் எண்ணெயைப் பிரித்து, அந்தக் கரைப்பானை நீராவியால் வெளியேற்றுகிறார்கள். மீதியாகும் மாவைத் தண்ணீரோடு சேர்த்து, மிகுந்த சூட்டிலும் அழுத்தத்திலும் எந்திரத்தின் சிறு துளை வழியே தள்ளுகிறார்கள். வெளியே வந்ததும் அழுத்தம் விட்டுப்போய், உள்ளிருக்கும் நீர் சட்டென்று ஆவியாகிறது. மாவு பஞ்சு போல உப்பிக்கொள்கிறது. இவ்வளவு நடந்தாலும் பெரும்பாலான பேக்கட்டுகளில் பொருள் ஒன்றுதான்: கொழுப்பு நீக்கிய சோயா மாவு. உப்புகூட நாம்தான் போட வேண்டும்.

சைவ மட்டன் அப்படியில்லை. மலேசியச் சட்டப்படி எந்தப் பொருள் எடையில் அதிகமோ அது பட்டியலில் முதலில் வர வேண்டும். அட்டையில் 'ராமுவான்' என்ற இடத்தைப் பாருங்கள். 'குளுட்டேன் காந்தும்' முதலில் நின்றால் அது பெரும்பாலும் கோதுமைப் பசைப்புரதம். பிறகு எண்ணெய், ஸ்டார்ச், உப்பு, சுவையூட்டிகள். புரத எண் 18, 20 என்று இருந்தாலும் அது பருப்புப் புரதத்துக்கு ஈடாகாது. கோதுமைப் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. சோற்றிலும் அதுதான் குறைவு. இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டால் அந்தக் குறை அப்படியே நிற்கும். பருப்பில் லைசின் தாராளம், சோயாவிலும் போதுமான அளவு உண்டு. அதனால்தான் சோறும் பருப்பும் பொருந்துகின்றன.

உப்பையும் விடாதீர்கள். 'சோடியம்' 100 கிராமுக்கு 600 மில்லிகிராம் என்று இருந்து, நீங்கள் 150 கிராம் சாப்பிட்டால் 900 உள்ளே போய்விடும். உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் ஒருநாள் அளவே 2,000க்குக் கீழ். அதன் மேல் நாம் வேறு மசாலாவோடு உப்புப் போடுகிறோம். விரதக்காரர்கள் 'பூத்தே தெலோர்' இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும், அது முட்டையின் வெள்ளைக்கரு. கடிப்பு வருவதற்காகச் சில வகைகளில் சேர்ப்பார்கள்.

சமையலில் ஒன்றே ஒன்று. உருண்டையை நேராகக் குழம்பில் போடாதீர்கள். உப்புச் சேர்த்த வெந்நீரில் 15 நிமிடம் ஊறவிட்டு, பிழிந்து, பச்சைத் தண்ணீரில் இரண்டு முறை அலசிப் பிழியுங்கள். நடுவே பிய்த்துப் பார்த்தால் வெள்ளையாகக் கட்டியான இடம் இருக்கக்கூடாது. பிழியாவிட்டால் பஞ்சுக்குள் தண்ணீரே நிற்கும், மசாலா இறங்காது, அந்தப் பச்சை வாடையும் போகாது.

இப்போது தங்கை வீட்டில் பருப்பு தினமும் உண்டு. அதோடு வாரம் இரண்டு நாள் சோயா, ஆளுக்கு 25 கிராம் காய்ந்த எடை என்று தராசில் நிறுத்துப் போடுகிறாள். சைவ மட்டன் குளிர்பெட்டியில் இருக்கிறது, விரதம் முடியும் நாளுக்கு.